ஸ்டெப்டு வெட்ஜ் ஆய்வை ஆய்வுமுறைப் பகுதியில் எழுதுவது: வடிவமைப்பு, கால விளைவு, பகுப்பாய்வு மாடல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டெப்டு வெட்ஜ் ஆய்வில் மருத்துவமனை போன்ற குழுக்கள், அதாவது கிளஸ்டர்கள், எல்லாமே வழக்கமான சிகிச்சையில் தொடங்கி, சமவாய்ப்பில் முடிவான தருணங்களில் படிப்படியாகத் தலையீட்டுக்கு மாறுகின்றன. இதை எழுதுபவர்கள் பெரும்பாலும் காலம் என்ற ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். அதனால் இந்தப் பக்கம் அதைச் சுற்றியே போகிறது. எல்லாப் பதில்களுக்கும் ஒரே கற்பனை ஆய்வை எடுத்துக்கொள்கிறேன். 12 மருத்துவமனைகள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு செவிலியர்களே வலியை அளந்து மருந்தை மாற்றும் ஒரு நெறிமுறைதான் தலையீடு. அறுவை முடிந்து 24 மணி நேரத்தில் 0 முதல் 10 வரையிலான வலி மதிப்பெண்தான் அவுட்கம்.

"கிளஸ்டர்கள் படிப்படியாகத் தலையீட்டுக்கு மாற்றப்பட்டன" என்று எழுதியிருக்கிறேன். வடிவமைப்பைச் சொல்ல இது போதாதா?

போதாது. அந்த வரியை மட்டும் படித்தவரால் உங்கள் ஆய்வின் படத்தை வரைய முடியாது. ஒரு காகிதத்தில் கட்டங்களை வரைந்து நிழலிட வாசகருக்கு என்னென்ன தேவையோ, அவ்வளவையும் கொடுக்க வேண்டும். கிளஸ்டர்கள் எத்தனை, வரிசைகள் எத்தனை, ஒரு வரிசையில் எத்தனை கிளஸ்டர், கட்டங்கள் எத்தனை, ஒரு கட்டம் எவ்வளவு நாள், ஒரு கிளஸ்டரில் ஒரு கட்டத்துக்கு எத்தனை பேர் என்பவை அவை. நம் உதாரணத்தில் இப்படி எழுதலாம்:

"12 மருத்துவமனைகள் 4 வரிசைகளுக்கு, வரிசைக்கு 3 வீதம், சமவாய்ப்பு முறையில் ஒதுக்கப்பட்டன. ஆய்வு 3 மாதக் கட்டங்கள் 5 கொண்டது. முதல் கட்டத்தில் எல்லா மருத்துவமனைகளும் வழக்கமான சிகிச்சையில் இருந்தன. 2ஆம் கட்டம் தொடங்கி, ஒவ்வொரு கட்டத்தின் தொடக்கத்திலும் ஒரு வரிசை தலையீட்டுக்கு மாறியது. 5ஆம் கட்டத்தில் எல்லா மருத்துவமனைகளும் தலையீட்டில் இருந்தன. ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு மருத்துவமனையிலும் 30 நோயாளிகள், மொத்தம் 1,800 பேர், சேர்க்கத் திட்டமிடப்பட்டது. ஒவ்வொரு நோயாளியிடமும் ஒரு முறை மட்டுமே அளவீடு எடுக்கப்பட்டது."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் புதிய ஆட்களா, தொடக்கத்தில் சேர்ந்த அதே ஆட்களைத் திரும்பத் திரும்ப அளந்தீர்களா, இடையில் சிலர் சேர்ந்து சிலர் விலகும் கலவையா என்பதைப் பொறுத்து மாடலே மாறும். அதே ஆட்கள் என்றால் ஆளுக்கும் ஒரு ராண்டம் எஃபெக்ட் வேண்டும்.

படம் கட்டாயம் வேண்டும். ஆய்வறிக்கை எழுதுவதற்கான கன்சார்ட் வழிகாட்டிக்கு, ஸ்டெப்டு வெட்ஜ் ஆய்வுகளுக்கென 2018இல் வந்த விரிவாக்கமும் வடிவமைப்பை வரைபடமாகக் காட்டச் சொல்கிறது. படத்தில் கிடைவரிசை ஒவ்வொன்றும் ஒரு வரிசை, நெடுவரிசை ஒவ்வொன்றும் ஒரு கட்டம்.

படி, கட்டம், வரிசை மூன்றும் ஒன்றுதானே? மாற்றி மாற்றி எழுதினால் என்ன?

மூன்றும் வேறு. வரிசை என்பது ஒன்றாக மாறும் கிளஸ்டர்களின் கூட்டம். படி என்பது மாறும் தருணம். கட்டம் என்பது இரண்டு தருணங்களுக்கு இடையிலான காலம். நம் ஆய்வில் 4 வரிசை, 4 படி, 5 கட்டம். "5 படிகள் கொண்ட ஆய்வு" என்று ஓரிடத்திலும் "4 படிகள்" என்று இன்னோரிடத்திலும் எழுதிய கையெழுத்துப் பிரதி ஒன்றை நான் மதிப்பாய்வு செய்திருக்கிறேன். முதல் கட்டம் தலையீடே இல்லாத கட்டமா என்று கண்டுபிடிக்க அவர்களின் துணை அட்டவணை வரை போக வேண்டியிருந்தது. சொற்களை ஒரு முறை வரையறுத்துவிட்டு, கடைசி வரை அப்படியே பயன்படுத்துங்கள்.

சமவாய்ப்பு ஒதுக்கீடு செய்துவிட்டோம். அப்புறம் ஏன் காலத்தைச் சரிசெய்ய வேண்டும்? முன்னும் பின்னும் சராசரியை ஒப்பிட்டால் போதாதா?

இந்த ஆய்வில் எது எப்போது மாறும் என்பதுதான் சமவாய்ப்பாகிறது. கட்டுப்பாட்டு நிலை முன்னால் வரும், தலையீடு பின்னால் வரும் என்பது எல்லாக் கிளஸ்டருக்கும் ஏற்கெனவே முடிவானது. சமவாய்ப்பு அதை மாற்றுவதில்லை.

எண்ணிப் பாருங்கள். 12 மருத்துவமனை, 5 கட்டம் என்றால் 60 மருத்துவமனை-கட்டங்கள். கட்டுப்பாட்டு நிலையில் இருப்பவை முதல் கட்டத்தில் 12, பிறகு 9, 6, 3, கடைசியில் 0. மொத்தம் 30. தலையீட்டில் இருப்பவை 0, 3, 6, 9, 12. அதுவும் 30. பார்க்கச் சமமாகத்தான் தெரிகிறது. ஆனால் கட்டுப்பாட்டு அளவீடுகளின் சராசரிக் கட்ட எண் 2. தலையீட்டு அளவீடுகளின் சராசரிக் கட்ட எண் 4. அதாவது தலையீட்டில் இருப்பவர்கள் சராசரியாக இரண்டு கட்டம், ஆறு மாதம், பிந்தியவர்கள்.

இப்போது நெறிமுறையால் எந்தப் பயனும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். மயக்க மருந்து முறைகள் மேம்பட்டதால் எல்லா மருத்துவமனையிலும் வலி கட்டத்துக்கு 0.2 குறைகிறது, அவ்வளவுதான். முன்-பின் சராசரிகளைக் கழித்தால் 2 × 0.2 = 0.4 குறைவு கிடைக்கும். 1,800 பேரில் அது அழகான சிறிய p மதிப்போடு வரும். அத்தனையும் காலத்தின் வேலை. கட்டத்தை மாடலில் சேர்த்த உடனே, ஒரே கட்டத்தில் மாறியவர்களையும் மாறாதவர்களையும் ஒப்பிடும் தகவல் உள்ளே வருகிறது, இந்த 0.4 காணாமல் போகிறது.

அதனால் "காலம் சரிசெய்யப்பட்டது" என்பது முதன்மை மாடலிலேயே இருக்க வேண்டிய விஷயம். கட்ட விளைவு புள்ளியியல் முக்கியத்துவம் பெறவில்லை என்று சொல்லி அதை மாடலிலிருந்து நீக்கக் கூடாது. அப்படி நீக்கும் திட்டத்தை ஆய்வுமுறையில் பார்த்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

காலத்தை ஒரே நேர்கோடாகப் போடலாமா, கட்டத்துக்கு ஒரு குணகமாகப் போட வேண்டுமா?

முதன்மைப் பகுப்பாய்வில் கட்டத்துக்கு ஒன்று என்று, வகை மாறியாகப் போடுங்கள். 5 கட்டத்துக்கு 4 குணகங்கள்தான் செலவு. நேர்கோடு போட்டால் 3 குணகங்கள் மிச்சமாகும், ஆனால் காலம் நேர்கோட்டில் நகர்கிறது என்ற பெரிய அனுமானத்தை ஏற்க வேண்டும். 3ஆம் கட்டத்தில் ஒரு புதிய வலிநிவாரணி எல்லா இடத்துக்கும் வந்து வலி திடீரென்று இறங்கினால், நேர்கோடு அந்த இறக்கத்தைப் பிடிக்காது. மிச்சம் தலையீட்டின் கணக்கில் போய்ச் சேரும்.

கட்டங்கள் நிறைய, ஒவ்வொன்றும் குறுகியது என்றால் (எடுத்துக்காட்டாக மாதம் ஒன்று வீதம் 20 கட்டம்) மென்மையான வளைகோடு நியாயமான தேர்வு. எதைச் செய்தாலும் இரண்டு விஷயங்களை எழுதுங்கள்: காலம் எந்த வடிவில் நுழைந்தது, அந்த வடிவம் தரவைப் பார்ப்பதற்கு முன்பே முடிவானதா.

இந்த மாடல் எல்லாக் கிளஸ்டருக்கும் ஒரே காலப் போக்கு என்று அனுமானிக்கிறது. அதையும் ஒரு வாக்கியத்தில் ஒப்புக்கொள்ளுங்கள்.

"மிக்ஸட் மாடல் பயன்படுத்தப்பட்டது" என்று எழுதினேன். எந்த மிக்ஸட் மாடல் என்று மதிப்பாய்வாளர் கேட்கிறார். என்ன சொல்வது?

அவர் கேட்பது ராண்டம் எஃபெக்ட்களைப் பற்றி. 2007இல் ஹஸ்ஸியும் ஹியூஸும் எழுதிய கட்டுரையிலிருந்து பலரும் எடுத்துக்கொண்ட மாடலில் கிளஸ்டருக்கு ஒரு ராண்டம் எஃபெக்ட் மட்டும்தான். அதன் பொருள்: ஒரே மருத்துவமனையில் ஒரே கட்டத்தில் வந்த இருவரும், முதல் கட்டத்தில் ஒருவர் கடைசிக் கட்டத்தில் ஒருவர் என வந்த இருவரும், ஒரே அளவு ஒத்திருப்பார்கள். ஒரு வருடத்தில் செவிலியர் மாறுவார்கள், மருத்துவர் மாறுவார்கள். அந்த அனுமானம் பெரும்பாலும் பொருந்தாது.

அடுத்த நிலை, கிளஸ்டரோடு கிளஸ்டர்-கட்டத்துக்கும் ஒரு ராண்டம் எஃபெக்ட் சேர்ப்பது:

```
Y_ijk = μ + β_j + θ X_ij + α_i + γ_ij + e_ijk
```

i மருத்துவமனை, j கட்டம், k நோயாளி. μ அடிப்படை அளவு, β_j கட்ட விளைவு, X_ij அந்தக் கட்டத்தில் அந்த மருத்துவமனை தலையீட்டில் இருந்தால் 1, இல்லையென்றால் 0, θ நாம் தேடும் தலையீட்டு விளைவு, e_ijk நோயாளியின் விலகல், α_i மருத்துவமனையின் விலகல், γ_ij அந்த மருத்துவமனைக்கு அந்தக் கட்டத்தில் மட்டும் உரிய விலகல்.

எண் வைத்துப் பார்த்தால் புரிந்துவிடும். வலி மதிப்பெண்ணின் மொத்த மாறுபாடு 4 என்போம். அதில் α-வின் பங்கு 0.16, γ-வின் பங்கு 0.04, மிச்சம் 3.80 நோயாளிக்கு நோயாளி. ஒரே மருத்துவமனையைச் சேர்ந்த இருவர் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லும் எண்தான் ஐசிசி. ஒரே கட்டத்தில் இருவருக்கிடையே அது 0.20 / 4 = 0.05. வெவ்வேறு கட்டங்களில் இருவருக்கிடையே 0.16 / 4 = 0.04. இரண்டின் விகிதம் 0.8. இதைத்தான் கிளஸ்டர் தன்னொட்டுறவு என்கிறோம். γ-வை விட்டுவிட்டால் இந்த விகிதத்தை 1 என்று சொன்னதாக ஆகிவிடும். அப்போது நம்பிக்கை இடைவெளி தேவைக்கு மேல் குறுகிப்போகும். இந்த ஆபத்து வெளியே தெரியாது. மதிப்பீடு கிட்டத்தட்ட அதே இடத்தில் இருக்கும், பிழைக்கணக்கு மட்டும் பொய் சொல்லும்.

கட்டங்கள் விலக விலக ஒற்றுமை தேய்ந்துகொண்டே போகும் மாடலும் உண்டு. நீண்ட ஆய்வுகளுக்கு அது இன்னும் பொருத்தம். 5 கட்ட ஆய்வில் அதை உணர்திறன் பகுப்பாய்வாக வைத்தால் போதும் என்பது என் கருத்து.

ஆய்வுமுறையில் மாடலைச் சொல்லால் எழுதுங்கள், சமன்பாட்டையும் கொடுங்கள். மாதிரி அளவைக் கணக்கிட எடுத்துக்கொண்ட ஐசிசி, தன்னொட்டுறவு இரண்டையும் எண்ணாகச் சொல்லுங்கள். முடிவுகள் பகுதியில் உண்மையில் கிடைத்த மதிப்புகளையும் போடுங்கள். அடுத்து ஆய்வு திட்டமிடுபவருக்கு அவைதான் பயன்படும்.

12 கிளஸ்டர்தான் இருக்கிறது. இதற்கு ஏதாவது தனியாகச் சொல்ல வேண்டுமா?

ஆம், சிறு மாதிரித் திருத்தம் என்ன என்று சொல்ல வேண்டும். 1,800 நோயாளிகள் இருந்தாலும் இங்கே எண்ணிக்கையில் குறைவானது மருத்துவமனைதான். திருத்தம் இல்லாமல் போனால் p மதிப்பு தேவைக்கு மேல் சிறியதாக வரும். தொடர் அவுட்கமுக்கு கென்வர்ட்-ரோஜர் திருத்தம் வழக்கமானது. ஆர் மென்பொருளில் இப்படி (`pbkrtest` தொகுப்பும் நிறுவியிருக்க வேண்டும்):

```r
library(lmerTest)
m <- lmer(pain ~ factor(period) + trt +
          (1 | cluster) + (1 | cluster:period), data = d)
summary(m, ddf = "Kenward-Roger")
```

`factor(period)` இல்லாமல் வெறும் `period` என்று எழுதினால், கட்ட எண் எண்ணாகச் சேமிக்கப்பட்டிருக்கும் பட்சத்தில், மென்பொருள் சத்தமில்லாமல் நேர்கோட்டைப் பொருத்திவிடும். ஆய்வுமுறையில் "வகை மாறி" என்றும் குறியீட்டில் நேர்கோடும் இருந்ததை நானே என் பழைய ஆய்வு ஒன்றில் கண்டுபிடித்துத் திருத்தியிருக்கிறேன். சுருக்க அட்டவணையில் கட்டத்துக்கு 4 குணகங்கள் வருகின்றனவா என்று பாருங்கள். ஒன்றுதான் வந்தால் நேர்கோடு போயிருக்கிறது.

தலையீடு கொடுத்த உடனே முழுப் பலன் வராது, மெல்லத்தான் கூடும். அதற்கும் இதே மாடல் சரிதானே?

இங்கேதான் நிதானிக்க வேண்டும். மேலே உள்ள θ ஒற்றை எண். மாறிய முதல் நாளிலேயே முழு விளைவு வந்து அப்படியே நிற்கிறது என்று அது அனுமானிக்கிறது. அந்த அனுமானம் தவறினால், θ "சராசரி விளைவை" தரும் என்றுதான் பலரும் நம்புகிறோம். நானும் வெகுநாள் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஆனால் அது தருவது நாம் நினைக்கும் சராசரி இல்லை.

நம் வடிவமைப்பிலேயே கணக்குப் போடலாம். தலையீட்டில் முதல் கட்டத்தில் இருக்கும் கிளஸ்டர்-கட்டங்கள் 12. இரண்டாம் கட்டத்தில் இருப்பவை 9, மூன்றாவதில் 6, நான்காவதில் 3. எல்லாக் கிளஸ்டரும் ஒரே அளவு, கிளஸ்டரை நிலை விளைவாகப் போடுகிறோம் என்றால், இந்த நான்கு காலங்களின் உண்மை விளைவுகளை θ கலக்கும் எடைகள் முறையே 1.0, 0.3, −0.1, −0.2. கூட்டினால் 1 வருகிறது. ஆனால் கடைசி இரண்டும் எதிர்மறை! நீண்ட நாள் தலையீட்டில் இருந்தவர்களின் பலன் கூடக்கூட, θ குறைகிறது.

உண்மையில் வலி முதல் கட்டத்தில் 0.2, பிறகு 0.4, 0.6, 0.8 என்று குறைவதாக வைத்துக்கொள்ளுங்கள். நான்கின் நேர் சராசரி 0.5. θ என்ன தரும்? 0.20 + 0.12 − 0.06 − 0.16 = 0.10. உண்மையான சராசரியில் ஐந்தில் ஒரு பங்கு. கிளஸ்டரை ராண்டம் எஃபெக்டாகப் போட்டால் எடைகள் சற்று நகரும், ஆனால் நம் ஐசிசிக்கும் 30 பேர் கொண்ட கட்டங்களுக்கும் கதை பெரிதாக மாறாது. இந்த எடைப் பிரச்சினையை கென்னியும் சகாக்களும் 2022இல் விரிவாக எழுதினார்கள். பலன் வளரும் விதத்தைப் பொறுத்து குறியே தலைகீழாகவும் மாறலாம்.

காரணம் இதுதான். தாமதமாக மாறுபவர்களுக்கு, ஏற்கெனவே மாறியவர்களும் மாடலில் ஒப்பீட்டு அணியாகப் பயன்படுகிறார்கள். அவர்களின் பலன் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தால், அந்த வளர்ச்சியைக் காலத்தின் போக்கு என்று மாடல் எடுத்துக்கொள்கிறது.

என்ன செய்வது? தலையீட்டில் கழிந்த காலத்தைத் தனி மாறியாகப் போடுங்கள்:

```r
d$expo <- ifelse(d$trt == 1, d$period - d$start + 1, 0)
m2 <- lmer(pain ~ factor(period) + factor(expo) +
           (1 | cluster) + (1 | cluster:period), data = d)
```

`start` என்பது அந்த மருத்துவமனையின் முதல் தலையீட்டுக் கட்டம். நான்கு குணகங்களின் சராசரியையும் அதன் நம்பிக்கை இடைவெளியையும் தாருங்கள். இதற்கு விலை உண்டு: இடைவெளி அகலமாகும். நான்காவது குணகம் 3 மருத்துவமனைகளை மட்டும், அதுவும் கட்டுப்பாட்டு நிலையில் ஒருவருமே இல்லாத 5ஆம் கட்டத்தை மட்டும் நம்பி நிற்கிறது. அதனால் எந்தச் சராசரி வேண்டும், நான்கு காலங்களுக்குமா, முதல் மூன்றுக்கா என்பதை முன்கூட்டியே முடிவு செய்து எழுதுங்கள்.

பயிற்சி, பழக்கம், குழு மாற்றம் கேட்கும் தலையீடு என்றால் இதையே முதன்மை மாடலாக வைப்பேன். ஒரு மருந்தை இன்னொரு மருந்தால் மாற்றுவது போன்ற, உடனே முழுமையடையும் தலையீடு என்றால் ஒற்றை θ-வை முதன்மையாக வைத்து, இதை உணர்திறன் பகுப்பாய்வாக வைப்பேன்.

பயிற்சிக்கு இரண்டு வாரம் எடுத்தது. அந்த நாட்களில் வந்த நோயாளிகளை எந்தப் பக்கம் சேர்ப்பது?

இரண்டு வழியும் ஏற்கத்தக்கது: மாற்றக் காலம் என்று சொல்லி விலக்கலாம், அல்லது ஒதுக்கப்பட்ட தேதியிலிருந்தே தலையீடு என்று எண்ணலாம். தரவு வந்த பிறகு முடிவெடுப்பதுதான் ஏற்கத்தகாதது. விலக்கினால், எல்லாக் கிளஸ்டரிலும் ஒரே நீளம் விலக்கப்பட்டதா என்று எழுதுங்கள், படத்திலும் காட்டுங்கள்.

இதற்குள் இன்னொரு சின்ன விஷயம் ஒளிந்திருக்கிறது. மாறும் நாளுக்கு முந்தைய மாலை அறுவை நடந்து, வலி மதிப்பெண் மறுநாள் மாலை எடுக்கப்பட்டால் அந்த நோயாளி எந்தப் பக்கம்? "அறுவை நடந்த தேதியின் அடிப்படையில் கட்டமும் நிலையும் தீர்மானிக்கப்பட்டன" என்று ஒரு வாக்கியம் இருந்தால் போதும்.

இரண்டு மருத்துவமனைகள் ஒதுக்கப்பட்ட தேதிக்கு ஒரு மாதம் பிந்தி ஆரம்பித்தன. உண்மையில் ஆரம்பித்த தேதியைப் போட்டால்தானே நேர்மை?

முதன்மைப் பகுப்பாய்வில் ஒதுக்கப்பட்ட தேதிதான். பிந்தியதற்குக் காரணம் ஆள் பற்றாக்குறையாக இருக்கலாம், அதே ஆள் பற்றாக்குறை வலியையும் கூட்டியிருக்கலாம். உண்மைத் தேதியைப் போட்டால் சமவாய்ப்பு தந்த பாதுகாப்பு அந்த இரண்டு மருத்துவமனைகளில் போய்விடும். உண்மைத் தேதியை வைத்து இரண்டாவது பகுப்பாய்வு செய்து பக்கத்திலேயே காட்டுங்கள். எந்த வரிசையில், எத்தனை நாள் பிந்தியது என்பதை வடிவமைப்புப் படத்தின் கீழே குறியுங்கள்.

பகுப்பாய்வுப் பத்தி முழுதாக எப்படி இருக்கும், ஒரு மாதிரி தர முடியுமா?

நம் ஆய்வுக்கு நான் எழுதுவது இது:

"முதன்மைப் பகுப்பாய்வு ஒதுக்கப்பட்ட மாற்றத் தேதியின்படி செய்யப்பட்டது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிந்தைய முதல் இரண்டு வாரங்களில் அறுவை நடந்தவர்கள், ஆய்வுத் திட்ட ஆவணத்தில் முன்பே சொன்னபடி, விலக்கப்பட்டனர். வலி மதிப்பெண் நேரியல் மிக்ஸட் மாடலால் பகுக்கப்பட்டது. கட்டம் வகை மாறியாகவும், தலையீட்டில் கழிந்த கட்டங்களின் எண்ணிக்கை வகை மாறியாகவும் நிலை விளைவுகளாகச் சேர்க்கப்பட்டன. மருத்துவமனைக்கும், மருத்துவமனை-கட்டத்துக்கும் ராண்டம் எஃபெக்ட்கள் சேர்க்கப்பட்டன. தலையீட்டின் முதல் மூன்று கட்டங்களின் விளைவுச் சராசரி, 95% நம்பிக்கை இடைவெளியுடன், முதன்மை மதிப்பீடாகத் தரப்படுகிறது. கென்வர்ட்-ரோஜர் திருத்தம் பயன்படுத்தப்பட்டது. உணர்திறன் பகுப்பாய்வுகளில் மாறாத தலையீட்டு விளைவு, கட்டங்களுக்கிடையே தேயும் ஒட்டுறவு, உண்மையான மாற்றத் தேதி ஆகியவை தனித்தனியே ஆராயப்பட்டன."

இதில் காலம் மூன்று இடங்களில் வருவதைக் கவனியுங்கள்: எல்லாருக்கும் பொதுவான கட்டமாக, தலையீட்டில் கழிந்த காலமாக, மருத்துவமனை-கட்டத்தின் ராண்டம் எஃபெக்டாக. உங்கள் பத்தியில் இந்த மூன்றுக்கும் தனித்தனியே அடிக்கோடிட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்றுக்குக் கோடு போட இடம் கிடைக்கவில்லை என்றால், மதிப்பாய்வாளர் கேட்கப்போவது அதைத்தான்.

கட்ட விளைவுகளை அட்டவணையில் காட்டத்தான் வேண்டுமா? எங்கள் கேள்வி அவற்றைப் பற்றியது இல்லையே.

துணை அட்டவணையில் போதும், ஆனால் காட்டுங்கள். அதோடு வரிசை வாரியாக, கட்டம் வாரியாகச் சரிசெய்யாத சராசரிகளையும், எத்தனை பேர் என்பதையும் 4 × 5 அட்டவணையாகக் கொடுங்கள். நம் உதாரணத்தில் அந்த 20 எண்களைப் பார்த்தாலே, 3ஆம் கட்டத்தில் இன்னும் மாறாதவர்களிடமும் வலி இறங்கியதா என்று வாசகர் தானே பார்த்துக்கொள்வார்.